படம் சரியாகத்தான் திரும்பி வந்தது

படச் சுருக்கம் செய்யும் குழுவில் நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை, வேறொருவர் எழுதி வைத்திருந்த ஹஃப்மன் குறியாக்க நிரலைச் சோதிப்பது. அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடும் அரிதாக வருவதற்கு நீளமான குறியீடும் கொடுத்துச் சுருக்கும் முறை அது. சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு படத்தைச் சுருக்க வேண்டும், விரிக்க வேண்டும், பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிட வேண்டும். ஒரு பிக்சல்கூட மாறவில்லை என்றால் தேர்ச்சி. எல்லாப் படங்களும் தேறின. அப்படித் தேறியதுதான் பிரச்சினை என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் மேலதிகாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குறியாக்கியையும் முழுப் படத்தில் நம்ப மாட்டார். 8×8 கட்டம் ஒன்றை வெட்டி எடுத்து, "இதைக் கையால போட்டுக் கொண்டா" என்பார். 64 பிக்சல், ஆறு சாம்பல் நிலைகள், ஒரு தாள், ஒரு பென்சில். முதல் கட்டத்தில் நிலைகள் வந்த எண்ணிக்கை 30, 14, 9, 6, 3, 2.

ஹஃப்மன் முறையில் மிகச் சிறிய இரண்டைக் கூட்டி ஒன்றாக்கி, அந்தக் கூட்டுத்தொகையைப் பட்டியலில் அதற்குரிய இடத்தில் வைத்து, மறுபடி மிகச் சிறிய இரண்டைத் தேட வேண்டும். 2, 3 சேர்ந்து 5. அதோடு 6 சேர 11. அதோடு 9 சேர 20. பிறகு 14 சேர 34. கடைசியாக 30 சேர 64. இந்தக் கூட்டுத்தொகைகள் எல்லாவற்றையும் கூட்டினாலே மொத்த பிட் கிடைத்துவிடும்: 5 + 11 + 20 + 34 + 64 = 134. ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் அந்தக் கும்பலில் உள்ள ஒவ்வொரு பிக்சலின் குறியீடும் ஒரு பிட் நீளுகிறது, அவ்வளவுதான் காரணம். இதை அவர் சொல்லித்தந்த பிறகு நான் நீளங்களைத் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டுவதையே விட்டுவிட்டேன்.

சராசரி நீளம் 134/64, ஏறத்தாழ 2.09 பிட். நிரலும் 134 என்றே சொன்னது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல பாதி படம் ஒரே நிலைப்பா. இன்னொண்ணு எடு" என்றார்.

இரண்டாவது கட்டத்தின் எண்ணிக்கை 20, 16, 12, 8, 5, 3. இதற்கு முதலில் என்ட்ரோபி, அதாவது பிக்சலுக்குச் சராசரியாகக் குறைந்தது எத்தனை பிட் வேண்டும் என்ற எல்லை. எண்ணிக்கைகளை 64 ஆல் வகுத்து நிகழ்தகவாக்கி, நீண்ட தசமங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எண்ணிக்கையை n என்று அப்படியே வைத்துக்கொள்ளலாம்:

```
H = log2(64) − (1/64) Σ n·log2(n)
```

முதல் உறுப்பு 6. கூட்டல் பகுதி 233.82. அதை 64 ஆல் வகுத்தால் 3.653. ஆக H = 2.347 பிட். முதல் தடவை எனக்கு 0.71 வந்தது, கால்குலேட்டரில் log என்ற பொத்தான் பத்தின் அடிப்படை. அந்த விடையை வைத்துக்கொண்டு நான் அன்று முழுவதும் இந்தக் குறியீட்டின் திறன், அதாவது என்ட்ரோபியைச் சராசரி நீளத்தால் வகுத்தால் வருவது, வெறும் 30 சதவீதம் என்று நம்பிக்கொண்டிருந்திருப்பேன். சராசரி நீளம் என்ட்ரோபிக்குக் கீழே போகக் கூடாது என்ற விதி இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் 0.71 தவறான பக்கத்தில் இல்லை. 0.30103 ஆல் வகுத்ததும் சரியானது.

அடுத்து மரம். 3, 5 சேர்ந்து 8. இப்போது பட்டியல் 20, 16, 12, 8, 8. இரண்டு 8 சேர்ந்து 16. பட்டியல் 20, 16, 16, 12. இங்கேதான் கவனம் வேண்டும். மிகச் சிறியது 12, அடுத்தது ஒரு 16. அவை சேர்ந்து 28. மிச்சம் 28, 20, 16. சிறிய இரண்டு 20, 16. அவை சேர்ந்து 36. கடைசியில் 64. மொத்தம் 8 + 16 + 28 + 36 + 64 = 152 பிட். சராசரி 2.375. என்ட்ரோபிக்கு மேலே 0.03 கூட இல்லை, திறன் 98.8 சதவீதம்.

நிரல் 160 என்றது. சராசரி 2.5.

நான்தான் தப்பாகக் கூட்டியிருப்பேன் என்று மூன்று முறை போட்டுப் பார்த்தேன். 152தான் வந்தது. நிரலின் பக்கமும் குற்றம் சொல்ல வழியில்லை. விரித்த படம் அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தது. 2.5 என்பது என்ட்ரோபிக்கு மேலேதான் இருக்கிறது, என்ட்ரோபியோடு ஒன்று கூட்டிய எல்லைக்கும் உள்ளேதான். எந்தக் குறியீடும் இன்னொன்றின் முன்பகுதியாக இல்லை. ஒரு பிட் குறியீட்டுக்கு 1/2, இரண்டு பிட்டுக்கு 1/4 என்று கூட்டிக்கொண்டே போகும் கிராஃப்ட் கூட்டுத்தொகையும் மிகச் சரியாக 1. எல்லாக் கேள்விக்கும் அந்த 160 பிட் விடை வைத்திருந்தது.

நிரல் தந்த நீளங்களை அச்சிட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன்: 1, 2, 3, 4, 5, 5. அவர் ஒரு நொடிதான் பார்த்தார். "இருபதுக்கு எப்படி ஒரு பிட் வந்துச்சு?" என்றார்.

அதிகமாக வரும் நிலைக்கு ஒரு பிட் கொடுப்பதுதானே முறை என்று நான் சொன்னேன். அவர் தாளைத் திருப்பி எழுதிக் காட்டினார். 20க்கு ஒரு பிட் கிடைக்க வேண்டுமானால் கடைசிச் சேர்க்கையில் அது தனியாக நிற்க வேண்டும், எதிரே மிச்சம் 44. அந்த 44 அதற்கு முந்தைய படியில் இரண்டு துண்டுகளாக இருந்திருக்கும். அவற்றில் பெரியது குறைந்தது 22. அப்படியென்றால் அந்தப் படியில் இருந்த மூன்றில் மிகப் பெரியது 20 இல்லை. சிறிய இரண்டில் ஒன்றாக அது சேர்ந்தே போயிருக்க வேண்டும், தனியாக நிற்க முடியாது. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான எந்த நிலைக்கும் ஹஃப்மன் ஒரு பிட் தராது. 64இல் 20 என்பது 31 சதவீதம். நீளங்களைப் பார்த்தாலே போதும், மரம் தவறு.

நிரலைத் திறந்து பார்த்தபோது காரணம் சின்னது. இரண்டைக் கூட்டிய பிறகு, கூட்டுத்தொகையைப் பட்டியலின் கடைசியிலேயே போட்டுவிட்டு அடுத்த சேர்க்கைக்குப் போயிருந்தார்கள்; பட்டியலை மறுபடி வரிசைப்படுத்தவில்லை. 8, அப்புறம் 16, அப்புறம் 28, 44, 64 என்று ஒரே சங்கிலி. முதல் கட்டத்தில் அந்தச் சங்கிலியும் உண்மையான ஹஃப்மன் மரமும் ஒன்றாகவே இருந்துவிட்டன, காரணம் அங்கே ஒவ்வொரு படியிலும் புதிய கூட்டுத்தொகை மிகச் சிறிய இரண்டில் ஒன்றாகவே இருந்தது. படம் சரியாகத் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும் எங்கள் சோதனைக்கோ, சங்கிலியும் ஒன்றுதான், சரியான மரமும் ஒன்றுதான். எல்லாமே தேறியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நிரலை எழுதியவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அவருக்கு நான் புரியவைக்க முயன்ற இன்னொரு விஷயம் சுருக்க விகிதம். அறிக்கையில் 3.2 என்று இருந்ததைத் திருத்தும்போது என்ன எழுதுவது? பிக்சலுக்கு 8 பிட் என்ற அடிப்படையில் 512/152, அதாவது 3.37. ஆறு நிலைகளுக்கு 3 பிட் போதும் என்று எதிர்வாதம் செய்தால் 192/152, அது வெறும் 1.26. இரண்டும் சரி, அடிப்படை வேறு. இதற்கு மேல் குறியீட்டு அட்டவணை. விரிப்பவருக்கு அது இல்லாமல் ஒன்றும் புரியாது. நிலைக்கு ஒரு பைட், நீளத்துக்கு ஒரு பைட் என்று ஆறுக்கு 12 பைட், எத்தனை நிலைகள் என்று சொல்ல ஒரு பைட், ஆக 13. சுருங்கிய தரவு 19 பைட். மொத்தம் 32. 64 பைட் கட்டம் 32 ஆனது, விகிதம் 2. கட்டம் இவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் அட்டவணை இப்படிக் கடிக்கிறது. 512×512 படத்தில் அந்த 13 பைட் கண்ணில்கூடப் படாது.

அறிக்கையில் கடைசியில் போன வரி இது: "152 பிட், சராசரி 2.375, என்ட்ரோபி 2.347, விகிதம் 3.37 (8 பிட் அடிப்படை, அட்டவணை சேர்க்கவில்லை)." அடைப்புக்குறிக்குள் இருப்பதை யாரோ நீக்கப் பார்த்தார்கள். மேலதிகாரி விடவில்லை.