கோரேபானியில் நான் கொடுக்காத மாத்திரை

ஏப்ரல் கடைசியில் நேபாளம் போய் வந்தோம். நான், என் சித்தப்பா மகன், அவன் மனைவி என்று மூன்று பேர். காத்மாண்டுவில் இரண்டு நாள், பிறகு போக்கரா, அங்கிருந்து உல்லேரி, கோரேபானி வழியாகப் பூன் ஹில் ஏறி சூரிய உதயம் பார்ப்பது. திட்டம் அவ்வளவுதான். மலையைப் பற்றியும் அன்னபூர்ணாவைப் பற்றியும் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதப் போகிறேன். இருபது வருஷமாக ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். அந்தப் பயணத்தில் நான் போட்டுக்கொண்ட அதே மாத்திரையைத் தம்பிக்குத் தர மறுத்தேன். அவனுக்கு அப்போது கோபம். ஏன் மறுத்தேன் என்பது வெளியூர் போகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் விழுந்தது நான்தான். காத்மாண்டு போன இரண்டாம் நாள் மதியம், தமேலில் ஒரு சிறிய கடையில் மோமோ சாப்பிட்டோம். மோமோ ஆவி பறக்க வந்தது, அதில் பயமில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தக்காளி அச்சார் இருந்தது. காலையில் அரைத்து, மூடாமல், வெயிலில் வைத்திருந்த சட்னி. ஈ ஒன்று கிண்ண விளிம்பில் உட்கார்ந்து எழுந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் தொட்டுக்கொண்டேன். பயணத்தில் நம்மைக் கவிழ்ப்பது பெரும்பாலும் முக்கிய உணவு இல்லை, பக்கத்தில் வருகிறது: சட்னி, வெங்காயம், நறுக்கிய வெள்ளரி, தயிர், ஐஸ். சமைத்த சூட்டோடு தட்டுக்கு வருவதில் கிருமி பிழைக்காது. சமைத்த பிறகு கை படுவதிலும், ஆறிப்போய் வெளியே இருப்பதிலும்தான் அது பெருகும். மழைக்கு முந்தைய அந்த வெயில் மாதங்களில் நேபாளத்தில் இந்தத் தொல்லை அதிகம்.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு வயிறு இரைந்து எழுந்தேன். ஆறு மணிக்குள் மூன்று தடவை. தண்ணீராகப் போனது. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, சீதம் இல்லை. லேசான பிடிப்பு மட்டும். ஏழு மணிக்குப் போக்கரா பஸ். சுமார் 200 கிலோமீட்டர்தான், ஆனால் அந்தச் சாலையில் ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

இந்த மாதிரிப் பேதிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானாக நின்றுவிடும். மருந்து போட்டால் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாக நிற்கும், அவ்வளவுதான் லாபம். அதற்குக் கொடுக்கும் விலை கண்ணுக்குத் தெரியாது. 2015-இல் வெளியான ஒரு ஃபின்லாந்து ஆய்வில், ஊர் திரும்பிய பயணிகளின் மலத்தைப் பரிசோதித்தார்கள். வயிற்றுப்போக்கும் வராமல் ஆன்டிபயாட்டிக்கும் போடாதவர்களில் 11 சதவீதம் பேர் குடலில் மருந்துக்கு மசியாத கிருமியோடு வந்திருந்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தும் ஆன்டிபயாட்டிக் போடாதவர்களில் அது 21 சதவீதம். போட்டுக்கொண்டவர்களில் 37 சதவீதம். தெற்காசியாவுக்கு வந்து போனவர்களிடம் இந்த எண்கள் எல்லாமே இன்னும் கூடுதல். அந்தக் கிருமி உடனே ஒன்றும் செய்யாது. பிறகு சிறுநீர்த் தொற்றோ அறுவை சிகிச்சையோ வரும்போது வழக்கமான மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்று சொன்னதும் கடையில் ஆஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் பட்டையைக் கத்தரித்துக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. தண்ணீராகப் போகிற பேதிக்கு அது தேவையில்லாத மருந்து. நிஜமாகவே ஆன்டிபயாட்டிக் வேண்டிய பேதிக்கும், நம் பக்கத்துக் கிருமிகள், முக்கியமாக கேம்பிலோபாக்டர், அந்த வகை மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை.

எனக்குத் தேவைப்பட்டது இரண்டு. ஒன்று ஓஆர்எஸ். நேபாளத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் "ஜீவன் ஜல்" என்ற பாக்கெட் கிடைக்கும். ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். பாதிப் பாக்கெட்டைப் பாதி பாட்டிலில் கண்ணளவாகப் போடக் கூடாது, அளவு மாறினால் பலன் போய்விடும். இரண்டாவது, பேதியை நிறுத்தும் லோபரமைடு. 2 மில்லிகிராம் மாத்திரை இரண்டு முதலில், பிறகு ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போனதும் ஒன்று. டாக்டரிடம் கேட்காமல் ஒரு நாளில் நாலுக்கு மேல் போகக் கூடாது. பஸ் ஏறும் முன் இரண்டு போட்டேன், மதியம் முக்லிங்கில் ஒன்று. ராத்திரி போக்கராவில் கஞ்சி மாதிரி குழைத்த சோறும் பருப்பும் சாப்பிட்டேன். மறுநாள் சரியாகிவிட்டது.

தம்பி இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் பின்னால் பிரச்சினையானது.

மலையில் நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். டீக்கடை விடுதிகளில் தால் பாத் மட்டும், அதுவும் அடுப்பிலிருந்து நேராக. 2000 மீட்டருக்கு மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கோரேபானி கிட்டத்தட்ட 2860 மீட்டர், அங்கே சுமார் 90 டிகிரியிலேயே குமிழி வரும். அந்தச் சூடும் கிருமியைக் கொல்லப் போதும், ஆனால் ஒரு நிமிஷத்துக்குப் பதில் மூன்று நிமிஷம் தளதளவென்று கொதிக்க வேண்டும். விடுதி அக்காவிடம் சொன்னதும் எங்கள் கண்ணெதிரே கொதிக்க வைத்துத் தந்தார். கைக்கு சோப்பும் தண்ணீரும். சானிடைசர் நோரோ வைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது.

ஆனாலும் ஐந்தாம் நாள் ராத்திரி தம்பி விழுந்தான். அன்றைக்கு மதியம் சாப்பிட்டதைத்தான் அவன் திட்டினான். அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரத்தில் வாந்தி வந்தால் கெட்ட உணவில் ஏற்கெனவே ஊறிய நஞ்சாக இருக்கலாம். கிருமி உள்ளே போய்ப் பெருகி வருகிற நோய்க்கு ஒன்றிலிருந்து மூன்று நாள், சில கிருமிக்கு ஐந்து நாள்கூட ஆகும். அவன் கோரேபானியில் படுத்ததற்குக் காரணம் காத்மாண்டுவிலோ போக்கராவிலோ இருந்திருக்கும்.

கதவைத் தட்டி அவன் மனைவி கூப்பிட்டபோது மணி பத்தரை. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். தெர்மாமீட்டர் 102.4 காட்டியது. மாலையிலிருந்து எட்டு தடவை போயிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான், ஆனால் முக்கி முக்கி, போய் வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி. "என்ன மாதிரிப் போச்சு?" என்று கேட்டேன். சொல்லக் கூச்சப்பட்டான். டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் சளி மாதிரி சீதம், அதில் இழை இழையாக ரத்தம்.

"அக்கா, அன்னைக்கு நீங்க போட்டீங்களே, அந்த மாத்திரையைக் கொடுங்க. ஒரு மணி நேரத்துல நின்னுடுச்சே உங்களுக்கு."

"உனக்கு அது கூடாதுடா" என்றேன்.

எனக்கு வந்தது போன்ற தண்ணீர்ப் பேதியில் கிருமி சிறுகுடலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நஞ்சு விடும். சுவரைத் துளைப்பதில்லை. நஞ்சின் தூண்டுதலில் குடல் தண்ணீரைக் கொட்டுகிறது. லோபரமைடு குடலின் அசைவைத் தளர்த்துகிறது, தண்ணீர் உள்ளேயே கொஞ்ச நேரம் நின்று திரும்ப உறிஞ்சப்படுகிறது. கெடுதல் இல்லை. சீதபேதியில் ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் போன்றவை பெருங்குடல் சுவருக்குள்ளேயே புகுந்து புண்ணாக்குகின்றன. அங்கே அடிக்கடி போவது உடம்பு கிருமியை வெளியே தள்ளும் வழி. அதை நிறுத்தினால் கிருமி புண்ணின் மேல் இன்னும் நேரம் தங்கும். 1973-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஷிகெல்லா தொற்றியவர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த டைஃபினாக்சிலேட் கொடுத்தபோது காய்ச்சல் கூடுதல் நாள் நீடித்தது. அரிதாகப் பெருங்குடல் செயலிழந்து பலூன் மாதிரி உப்பி உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் இந்த மாத்திரையைத் தனியாகப் போடக் கூடாது என்கிறோம். சின்னக் குழந்தைகளுக்கு எந்தப் பேதியிலும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

அவனுக்கு வேண்டியது ஆன்டிபயாட்டிக். காய்ச்சலோடு சீதமும் ரத்தமும் இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. கிளம்பும் முன்பே எங்கள் டாக்டரிடம் மூன்று பேருக்கும் அசித்ரோமைசின் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறானா, இதயத்துடிப்பில் கோளாறு உண்டா என்று கேட்டுக்கொண்டேன். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, மொத்தம் ஒரு கிராம், ஒரே தடவை. இதையே தினம் ஒன்று என்று மூன்று நாளும் கொடுக்கலாம். ஒரு கிராம் சேர்ந்தாற்போல் போட்டால் குமட்டும். அதனால் நாலு வாய் சோறு ஊட்டி, முதல் மாத்திரைக்கும் இரண்டாவதுக்கும் அரை மணி நேரம் இடைவெளி விட்டேன். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இபுப்ரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அதைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.

ராத்திரி முழுக்க ஜீவன் ஜல்லை ஒவ்வொரு வாயாகக் கொடுத்தோம். எதைக் கண்டால் விடியக் காத்திராமல் கீழே இறக்குவது என்று அவன் மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், பேச்சு குழறினால், வயிறு உப்பிக் கல்லாகிவிட்டால். மூன்று மணிக்கு ஒரு தடவை சிறுநீர் போனான். அடர் மஞ்சள்தான், இருந்தாலும் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் நாங்கள் யாரும் பூன் ஹில் ஏறவில்லை. மதியம் காய்ச்சல் 100-க்கு இறங்கியது, சாயங்காலம் ரத்தம் நின்றது. அதற்கு அடுத்த நாள் காலையில் மெதுவாக உல்லேரி வரை நடந்து இறங்கினோம். அங்கிருந்து ஜீப்பில் போக்கரா, நேராக ஒரு மருத்துவமனை. மலப் பரிசோதனையில் சீழ்ச்செல்களும் ரத்த அணுக்களும் இருந்தன. என்ன கிருமி என்று பிடிபடவில்லை. மருந்து போட்ட பிறகு வளர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான். அங்கிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்து, போட்டது போதும் என்றார். இரண்டு வாரத்துக்கு மேல் பேதி இழுத்தால் மட்டும் மறுபடி பரிசோதிக்கச் சொன்னார். அப்படி இழுப்பது பெரும்பாலும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, மழைக்கு முன்னால் நேபாளத்தில் சைக்ளோஸ்போரா என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் இருக்கும். சைக்ளோஸ்போராவைக் குளோரினும் அயோடினும் கொல்லாது, கொதிக்க வைத்தால்தான் சாகும். சாதாரண மலப் பரிசோதனையில் தப்பிவிடும், அதனால் நேபாளம் போய் வந்தேன் என்று ஊர் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

உல்லேரியில் ஜீப் ஏறும்போது தம்பி மறுபடி கேட்டான். "காய்ச்சல் இல்ல, ரத்தம் இல்ல, ஆன்டிபயாட்டிக்கும் போட்டாச்சு. இப்பவாச்சும் தரலாம்ல அக்கா?" கேள்வி நியாயமானதுதான். ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருந்தால் பெரியவர்களுக்குச் சேர்த்துக் கொடுப்பது உண்டு. ஆனால் ரத்தம் நின்று இரண்டு நாள்கூட ஆகவில்லை, அவன் போவதும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்திருந்தது. தரவில்லை. டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி, கேட்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். போக்கரா போய்ச் சேரும் வரை இரண்டு தடவை நிறுத்தினார்.