கலை முதல் கனவு வரை: கிளை வெட்டும் தேடல் ஒருவழியாகச் சரியாக ஓடுகிறது

என் தமிழ்ச் சொற்பட்டியலுக்காக எழுதிவந்த, முந்திய சொல்லை இடப்பக்கமும் பிந்தியதை வலப்பக்கமும் வைக்கும் இருமத் தேடல் மரத்தில், இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ளவற்றை மட்டும் எடுத்துத் தரும் பகுதி இப்போது எதையும் விடாமல் தருகிறது. இத்தனை நாள் இழுத்தடித்தது மரம் அல்ல, தமிழ் எழுத்துகளின் வரிசை.

நிரல் இவ்வளவுதான்:

```python
def range_list(n, lo, hi, out):
    if n is None:
        return
    if lo < n.key:
        range_list(n.left, lo, hi, out)
    if lo <= n.key <= hi:
        out.append(n.word)
    if n.key < hi:
        range_list(n.right, lo, hi, out)
```

மூன்று நிபந்தனைகளும் தனித்தனி `if` ஆக நிற்பதைக் கவனியுங்கள். வரம்புக்குள் இருக்கும் கணுவுக்கு இரு பக்கமும் விடை இருக்கலாம். `else` போட்டு இணைத்தால் ஒரு பக்கம் போய்விடும். கணு கீழ் வரம்பைத் தாண்டாவிட்டால் அதன் இடக் கிளையில் நமக்கு ஒன்றுமில்லை, திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடலாம். மேல் வரம்பை எட்டிவிட்டால் வலக் கிளைக்கும் அதே கதி.

இந்த வெட்டு, மரம் எந்த வரிசையில் கட்டப்பட்டதோ அதே வரிசையில் ஒப்பிட்டால் மட்டுமே செல்லும். பைத்தான் சரங்களை யுனிகோடு குறியெண்படி ஒப்பிடுகிறது. அந்த வரிசையில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது; ‘ற’ வந்து ‘ல’வுக்கு முன்னால் நிற்கிறது. நம் அகராதியிலோ இரண்டும் கடைசி.

ஏழு சொற்களை வைத்துப் பார்ப்போம். குறியெண் வரிசையில் அவை கடல், கனவு, கப்பல், கமலம், கறி, கலை, கவிதை. சமமாகக் கட்டினால் வேரில் கமலம். இடப்பக்கம் கனவு, அதன் கீழ் கடலும் கப்பலும். வலப்பக்கம் கலை, அதன் கீழ் கறியும் கவிதையும். இப்போது ‘கலை’ முதல் ‘கனவு’ வரை அகராதி வரிசைப்படி கேட்கிறோம். கலை, கவிதை, கறி, கனவு என நான்கு சொற்கள் வரவேண்டும்.

வேரில் கமலம், கலைக்கு முந்தியது. எனவே இடக் கிளை முழுவதும் வெட்டப்படுகிறது, கனவு அதோடு போகிறது. வலப்பக்கம் கலை கீழ் வரம்புக்குச் சமம். அதன் இடக் கிளை வெட்டப்படுகிறது, கறி போகிறது. கையில் மிஞ்சுவது கலையும் கவிதையும் மட்டும். பிழைச் செய்தி ஏதும் வராது. கிடைத்த இரண்டும் சரியான விடைகள் என்பதால் கண்ணுக்கும் உறுத்தாது. இப்படிச் சத்தமில்லாமல் ஏமாற்றும் பிழைதான் எனக்கு ஆகவே ஆகாது!

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெட்டே இல்லாமல் எல்லாக் கணுக்களையும் சுற்றி, வரம்புக்குள் இருப்பவற்றை எண்ணுங்கள். அப்போது நான்கும் வரும், வரிசை மட்டும் குலைந்திருக்கும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால், மரத்தின் வரிசையும் வெட்டின் வரிசையும் வேறு வேறு என்று முடிவு கட்டிவிடலாம்.

தீர்வாக, சொல்லைச் சேர்க்கும்போதே அதற்கொரு எண் சாவி செய்து கணுவில் வைத்துவிடுகிறேன். ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண்கள்: முதலாவது மெய்யின் இடம் (க 1, ன 18), இரண்டாவது உயிரின் இடம் (அ 1, ஆ 2). புள்ளி வைத்த எழுத்துக்கு இரண்டாம் எண் 0. தனி உயிரெழுத்துக்கு முதல் எண் 0. ‘கலை’யின் சாவி (1,1), (13,9). யுனிகோடில் புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருவதால், அப்படியே விட்டால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் அப்பால் போய்விடும், அந்தத் தொல்லையும் இதிலேயே தீர்ந்தது.

புதிய சாவியால் கட்டிய மரத்தில் வேரில் கலை. வலப்பக்கம் கறி, அதன் கீழ் கவிதையும் கனவும். அதே கேள்விக்கு இடக் கிளையின் மூன்று கணுக்களையும் தொடவே இல்லை. தொட்டது நான்கு, கிடைத்ததும் நான்கு. எல்லா முறையும் இப்படிக் கச்சிதமாக அமையாது. வரம்புக்கு வெளியே வீணாகத் தொடும் கணுக்கள் ஒரு மட்டத்துக்கு அதிகபட்சம் இரண்டு: கீழ் வரம்பைத் தேடிப் போகும் வழியில் ஒன்று, மேல் வரம்பின் வழியில் ஒன்று. சமநிலை மரத்தில் பத்து லட்சம் சொற்கள் இருந்தாலும் இருபது மட்டங்களை ஒட்டித்தான் உயரம் இருக்கும். அகரவரிசையில் இருக்கும் கோப்பைச் சமநிலைப்படுத்தாமல் அப்படியே ஏற்றினால் மரம் ஒரே சங்கிலியாகி, கீழ் வரம்புக்கு முந்திய எல்லாக் கணுக்களையும் தொட்டே ஆகவேண்டும்.

சொற்களுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் யுனிகோடு கோப்புகள் எனக்கு மிகவும் உதவுகின்றன. எங்கிருந்து எடுத்தாலும் ‘கொ’ போன்ற எழுத்துகளைச் சோதியுங்கள். அதன் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரட்டையாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, சாவி மாறிவிடும். `unicodedata.normalize("NFC", s)` போட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே மரத்தில் சேர்க்கிறேன். ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளுக்கு இன்னும் எண் கொடுக்கவில்லை.

அதற்குள் மனம் அடுத்ததில் போய்விட்டது: ஒரே சொல்லுக்கு இரண்டு பதிவுகள். படி என்றால் அளவும் உண்டு, மாடியேறும் படியும் உண்டு. சமநிலைக்காக மரத்தைச் சுழற்றும்போது சமமான சாவி இடப்பக்கமும் வந்துவிடும். அப்போது `lo < n.key` போதாது, `lo <= n.key` வேண்டும். மேல் வரம்பிலும் அப்படியே `n.key <= hi`. வீணாகத் தொடும் கணுக்கள் கொஞ்சம் கூடும், ஆனால் எந்தப் ‘படி’யும் விடுபடாது.