காப்பியடித்ததாகப் பழி வந்த மாணவிக்குத் துணை நின்றபோது

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவள் ஒப்படைத்த அசைன்மென்ட் சக மாணவர் ஒருவருடையதோடு ஒத்துப்போகிறது, ஒப்புமை அறிக்கை 38 சதவீதம் காட்டுகிறது, ஐந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றிருந்தது. எழுதியவள் அவள்தான்.

அன்றிரவே பதில் எழுதத் துடித்தாள். நாங்கள் முதலில் தடுத்தது அதைத்தான். பயத்தில் எழுதும் பதில் பெரும்பாலும் 'மன்னிச்சிடுங்க சார்' என்று தொடங்கும். விசாரணைக் குழுவின் கோப்பில் அதுவே ஒப்புதல் வாக்குமூலமாகப் படிக்கப்படும். 'சீக்கிரம் முடிந்தால் போதும்' என்று செய்யாததை ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு. பின்னால் அதை மாற்றுவது மிகக் கடினம்.

படபடப்பு இருக்கும்போது ஆதாரம் தேட உட்காரவைக்காதீர்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடச் சொல்லி, ஐந்து நிமிடம் கூடவே உட்காருங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பிறகு சாப்பாடு, தூக்கம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எதுவும் எழுத வேண்டாம், குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவரை அழைத்துச் சண்டை போடவும் வேண்டாம். 'இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி பேச்சு வந்தால் விசாரணையை ஒதுக்கிவையுங்கள். தனியே விடாமல், வீட்டாரையும் மனநல ஆலோசகரையும் உடனே அழையுங்கள்.

மறுநாள் காலை அனுப்பிய பதில் நான்கு வரிதான்: மின்னஞ்சல் கிடைத்தது, குற்றச்சாட்டை மறுக்கிறேன், எந்த விதியின் கீழ் என்பதையும் முழு ஒப்புமை அறிக்கையையும் அனுப்புங்கள், விசாரணைக்குத் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாமா?

அறிக்கை வந்ததும் 38 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தோம். ஒப்புமை அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்கள் சொல்வது ஒத்த வரிகள் எவ்வளவு என்பதை மட்டுமே. யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பதை அவை சொல்லாது. அவளுடைய அறிக்கையில் 14 சதவீதம் மேற்கோள் நூல் பட்டியல், 6 சதவீதம் வினாத்தாளின் வாசகம். மீதி 18 சதவீதம்தான் சக மாணவருடையதோடு ஒத்த இரண்டு பத்திகள். பேச வேண்டியது அந்த இரண்டு பத்திகளைப் பற்றி மட்டும்.

அவள் கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தது பெரிய துணை. `File > Version history > See version history` திறந்தால் பத்தி எந்த நாளில், எப்படி வளர்ந்தது என்று தெரியும். சொந்தமாக எழுதியதில் வாக்கியங்கள் அழிக்கப்பட்டு, இடம் மாறி, கொஞ்சம் கொஞ்சமாக நீளும். ஒட்டியது முழுப் பத்தியாக ஒரே தடவையில் வந்து விழும். பலர் தவறுவது இங்கேதான்: பத்திரமாக இருக்கட்டும் என்று `Make a copy` கொடுத்து, அந்தப் பிரதியை அனுப்பிவிடுகிறார்கள். பிரதியில் பழைய வரலாறு இருக்காது. பார்வை அனுமதி மட்டும் உள்ளவருக்கும் அது தெரியாது. அதனால் மூலக் கோப்பில் ஓர் எழுத்தும் தொடாமல், வரலாற்றைத் திரைப்பதிவாக எடுத்து வைத்து, விசாரணையில் மூலத்தையே நேரில் திறந்து காட்டச் சொன்னோம். வேர்டில் எழுதியவர்களுக்கு `File > Info` பக்கத்தில் உருவாக்கிய நாளும் `Total Editing Time`-உம் கிடைக்கும். ஆனால் கோப்பு வெறுமனே திறந்து கிடந்த நேரமும் அதில் சேரக்கூடும். தனி ஆதாரமாக அது பலவீனம்.

சங்கடமான உண்மை ஒன்றும் வெளிவந்தது. ஒப்படைப்பதற்கு நான்கு நாள் முன்பு, தலைப்பு அமைப்பைப் பார்க்கட்டும் என்று அதே மாணவருக்கு வரைவை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். அதை மறைக்கலாமா என்று கேட்டாள். கூடாது. அவள்தான் முதலில் எழுதினாள் என்பதற்கு அந்த மின்னஞ்சலே வலுவான சான்று. வரைவைப் பகிர்வதையே சில கல்வி நிறுவனங்கள் தனி விதிமீறலாகக் கருதும் என்பதும் உண்மை. அதைக் குழு கண்டுபிடித்துக் கேட்பதைவிட அவளே சொல்வது மேல் என்று விளக்கத்தின் இரண்டாம் பத்தியிலேயே எழுதினோம்.

விளக்கம் ஒன்றரைப் பக்கம். தேதி வாரியாக நடந்தது, ஒவ்வொரு வரிக்கும் எதிரே இணைப்பு எண், அவ்வளவுதான். 'நான் நல்ல மாணவி' போன்ற வரிகளை எடுத்துவிட்டோம். குழு தீர்மானிக்க வேண்டியது அதை அல்ல. அந்த இரண்டு பத்திகளின் வாதத்தைத் தாளைப் பார்க்காமல் சொல்லிப் பழகினாள், ஏனென்றால் எழுதியவரா என்று சோதிக்க ஆசிரியர்கள் கேட்பது அதைத்தான். தெரியாததற்கு 'நினைவில்லை' என்றே சொல்லச் சொன்னோம். கூட வந்தவரின் வேலை குறிப்பெடுப்பதும், அவள் தடுமாறினால் இரண்டு நிமிட இடைவேளை கேட்பதும்.

காப்பியடித்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. வரைவைப் பகிர்ந்ததற்கு எச்சரிக்கை மட்டும் வந்தது. வாய்மொழியாகச் சொன்னதோடு நிற்கவில்லை. முடிவை எழுத்தில் வாங்கினோம், நிறுத்திவைத்த மதிப்பெண் பதிவாகிவிட்டதா, எச்சரிக்கை எவ்வளவு காலம் பதிவேட்டில் இருக்கும் என்றும் கேட்டோம். முடிவு எதிராக வந்திருந்தால், மேல்முறையீட்டுக் கெடு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதை அன்றே பார்க்க வேண்டியிருந்திருக்கும். 'முடிவு நியாயமில்லை' என்று மட்டும் எழுதினால் மேல்முறையீடு பெரும்பாலும் நிற்காது. எந்த ஆதாரத்தைக் குழு பார்க்கவில்லை, எந்த நடைமுறையைத் தவறவிட்டது என்று குறித்துக் காட்ட வேண்டும்.