3p-ஐ வரைந்து பார்த்தால் குவாண்டம் எண்கள் பிடிபடும்

நான்கு குவாண்டம் எண்களையும் நான்கு தனித்தனி வரையறைகளாக மனப்பாடம் செய்யத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி: ஒரே ஒரு ஆர்பிட்டாலை எடுத்துக்கொண்டு அதைத் தாளில் வரைவது. அதற்கு 3p-ஐ எடுங்கள். 2p ரொம்ப எளிது, பாதி விஷயம் அதில் தெரியவே தெரியாது.

3p-இல் உள்ள 3 என்பதுதான் n, முதன்மைக் குவாண்டம் எண். n = 3 என்றால் இரண்டாவது எண்ணான l-க்கு 0, 1, 2 மட்டும்தான் கிடைக்கும், n-ஐ எட்டவே எட்டாது. l = 1 என்பதுதான் p. வடிவத்தைத் தீர்மானிப்பது இந்த l: 0 என்றால் கோளம், 1 என்றால் டம்பெல் மாதிரி இரண்டு மடல்கள், நடுவே உட்கரு வழியாக ஒரு கணுத்தளம், அதாவது எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு சுழியாக இருக்கும் தளம். சரி, அப்படியானால் 2p-க்கும் 3p-க்கும் அளவு மட்டும்தான் வித்தியாசமா? இல்லை. மொத்தக் கணுக்கள் n − 1, அதில் கோணக் கணு l, மீதி n − l − 1 ஆரக் கணு. 3p-க்கு மொத்தம் இரண்டு, ஒன்று அந்தத் தளம், இன்னொன்று உட்கருவைச் சுற்றிய ஒரு கோளப்பரப்பு. ஹைட்ரஜனில் அது சுமார் 0.32 நானோமீட்டர் தொலைவில் வரும். அதனால் ஒவ்வொரு மடலும் உள்ளே ஒரு சின்னத் துண்டு, வெளியே ஒரு பெரிய துண்டு என்று பிரிந்துவிடும், அந்த எல்லையைத் தாண்டும்போது அலைச்சார்பின் குறியும் மாறும். படத்தில் போடும் + − குறிகள் இதைத்தான் சொல்கின்றன, மின்சுமையை அல்ல.

அப்புறம் மூன்றாவது எண், ஆர்பிட்டாலின் திசையோடு தொடர்புள்ள m. l = 1 என்பதால் −1, 0, +1 என்று மூன்று மதிப்புகள், மூன்று p ஆர்பிட்டால்கள். இதில் pz-க்கு m = 0 என்று எழுதலாம். ஆனால் px-க்கு +1, py-க்கு −1 என்று எழுதிவிடாதீர்கள். அவை இரண்டும் +1, −1 நிலைகளைக் கலந்து கிடைப்பவை. சில கையேடுகளே இதைத் தப்பாகப் போட்டிருக்கும்.

தேர்வில் பலரும் தடுமாறும் கேள்வி இது: n = 4, m = −1 உள்ள எலக்ட்ரான்கள் அதிகபட்சம் எத்தனை? 4p-ஐ மட்டும் பார்த்து இரண்டு என்று எழுதிவிடுவார்கள். l சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். l = 0-வில் m = −1 கிடையாது, 1, 2, 3 மூன்றிலும் ஒவ்வொன்று உண்டு. ஆக 4p, 4d, 4f-இல் ஒவ்வொரு ஆர்பிட்டால், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் இரண்டு எலக்ட்ரான்கள், விடை 6. கேள்வியில் நான்காவது எண்ணான தற்சுழற்சி +1/2 என்றும் சேர்த்திருந்தால் 3.