முன்மொழிவில் இல்லாத கண்மாய்

முனைவர் பட்டச் சேர்க்கை நேர்முகம் முடிந்து இவ்வளவு நாளாகியும், அந்த மாணவி சொன்ன ஒரு பதில் என்னை விடவில்லை.

அவருடைய ஆய்வு முன்மொழிவு ஐந்து பக்கம். பாதி இடத்தைக் கண்மாய்களின் பழம்பெருமையும், தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரி குளங்கள் உண்டு என்ற வழக்கமான வரியும் பிடித்துக்கொண்டன. வினா மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் வந்தது: 2017-இல் தொடங்கிய, கண்மாய்களைத் தூர் வாரும் குடிமராமத்துப் பணிகளால் சிவகங்கை மாவட்டத்தில் நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்துள்ளது? உயர்ந்ததா என்ற சந்தேகத்துக்கே அதில் இடமில்லை. பணிக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டத்தை ஒப்பிடுவது முறையியல்.

நான் அங்கேதான் பிடித்தேன். 2016 வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு. 2017 கோடையில் கிணறுகள் வறண்டு கிடந்தன. அந்தப் புள்ளியிலிருந்து அளந்தால், தூர் வாரினாலும் வாராவிட்டாலும் அடுத்த சுமாரான மழைக்கே நீர்மட்டம் ஏறித்தான் காட்டும்.

“ஏறினது மழையாலயா, தூர் வாரினதாலயா? எப்படிம்மா பிரிச்சுச் சொல்லுவீங்க?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சார், எங்க ஊர்க் கண்மாயிலயும் தூர் வாரினாங்க. தண்ணிதான் வரல. வரத்துக்கால் பாதி வழியிலயே மூடிக் கெடக்கு. கண்மாய் ஆழமானதுதான் மிச்சம்” என்றார்.

“இதை ஏன் இதுல எழுதல?”

“அது எங்க ஊர்க் கதைதானே சார். ஆராய்ச்சி இல்லையே.”

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அவர் எழுதாமல் விட்டதுதான் சிக்கலின் மையம். வரத்துக்கால் திறந்திருக்கும் கண்மாயிலும் அடைபட்ட கண்மாயிலும் தூர் வாரியதன் பலன் வேறுபடுகிறதா என்பது ஒரு வரிக்குள் அடங்கும் வினா. ‘இல்லை’ என்றும் விடை வரக்கூடிய வினா. எழுதியிருந்த வினாவுக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

நான் அதோடு நிறுத்தவில்லை. தூர் வாரிய கண்மாய்கள் சில, அதே மழை பெறும் வாராத கண்மாய்கள் சில என்று எடுத்து ஒப்பிடலாமே என்றேன். ஒரே தொடர்ச் சங்கிலியில் எடுக்க வேண்டாம், மேல் கண்மாய் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாயை நிரப்பும்போது இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்றும் சொன்னேன். கால அட்டவணையிலும் கைவைத்தேன். ‘இரண்டாம் ஆண்டு: தரவு சேகரிப்பு’ என்று மட்டும் போட்டிருந்தார். நீர்மட்டத்தை மே மாதத்திலும், பருவமழை ஓய்ந்து ஜனவரியிலும் பார்க்க வேண்டும். பட்டத்துக்குக் குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டு. ஜூலையில் பதிவு செய்தால் முதல் பருவமழை பாடத்தாள்களோடு போய்விடும். மிஞ்சுவது இரண்டு மழை. அதில் ஒன்று பொய்த்தால்? நீர்வளத் துறையின் கண்காணிப்புக் கிணறுகளில் பழைய அளவீடுகள் கிடைக்கும். ஆனால் அந்தக் கிணறு கண்மாயின் ஆயக்கட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும், “சரிங்க சார், மாத்திடுறேன்” என்றார்.

வெளியே போனதும் குழுவில் இருந்த மேடம் சொன்னார்: “நீங்க கேள்வி கேக்கல சார், பாடம் நடத்திட்டீங்க. மத்த பிள்ளைகளுக்கு இப்படி யார் சொல்லிக் குடுத்தா? தாள்ல இருக்கிறதுக்குத்தான் மார்க்.”

நுழைவுத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்பது கணக்கு. அந்த முப்பதில் நான் அவருக்கு நன்றாகவே போட்டேன். ஆய்வு ஆர்வத்தை நேரில் பேசவைத்துப் பார்க்கத்தானே நேர்முகம் என்று அப்போது வாதாடினேன். இப்போதும் அது தவறென்று தோன்றவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் வந்த பையனிடம், “உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?” என்று நான் கேட்கவில்லை. அவன் தாள் நேர்த்தியாக இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. அவனிடமும் ஏதாவது இருந்திருக்கலாம். மேடம் சொன்னதில் இந்த இடத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இடம் கிடைத்து, திருத்திய முன்மொழிவையும் கொடுத்துவிட்டார். சுத்தமாக இருக்கிறது. வாரியவை, வாராதவை, தனித்தனிச் சங்கிலிகள், மே, ஜனவரி என்று நான் சொன்னதெல்லாம் சொன்ன வரிசையிலேயே வந்திருக்கிறது. வரத்துக்காலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் அன்று அதைத் திருத்தமாகச் சொல்லவில்லை, அதனால் அவரும் எழுதவில்லை.

ஆய்வு ஆலோசனைக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. நெறியாளர் நான் இல்லை. அங்கே வரத்துக்காலைப் பற்றிக் கேட்டால் அவர் அதையும் சேர்த்துவிடுவார், அப்போது அது மறுபடியும் என் வரியாகிவிடும். கேட்காவிட்டால், கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறதா என்றே பார்க்காமல் மூன்று ஆண்டு கிணறு அளப்பார். கேட்பேன் என்றுதான் நினைக்கிறேன்.