28 வருட சர்வீஸ், இரண்டு தாள்: மில் கிராஜுவிட்டியும் பி.எஃப். பென்ஷனும்

திருமங்கலம் பக்கத்து நூற்பாலையில் 10.6.1996 அன்று சேர்ந்து, 2024 மே மாதம் 58 வயதில் ஓய்வு பெற்ற ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200 ரூபாய். மில் தருவது கிராஜுவிட்டித் தாள், பி.எஃப். அலுவலகம் தருவது பென்ஷன் ஆணை. ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கப் போனால் குழப்பம்தான். இரண்டிலும் சர்வீஸை எண்ணும் விதமே வேறு.

முதலில் கிராஜுவிட்டி. 31.5.2024 வரை 27 வருடம், 11 மாதம், சில நாள். ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருப்பதால் 28 வருடம். 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 700. வருடத்துக்கு 15 நாள், அதாவது 10,500. 28 வருடத்துக்கு 2,94,000 ரூபாய் வரவேண்டும். தாளில் 2,54,800 என்று இருந்தால், 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்திருக்கிறார்கள். 2,83,500 என்றால் ஒரு வருடத்தை விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் பொருந்தாமல் வெகுவாகக் குறைந்திருந்தால் பஞ்சப்படியைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். அநேகமாக அங்கேதான் இடிக்கும். வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் இதில் சேராது, அதற்காகச் சண்டை போடவேண்டாம்.

பென்ஷனில் எல்லோரும் போடும் கணக்கு: சம்பள உச்சவரம்பான 15,000 பெருக்கல் 30, வகுத்தல் 70, 6,429 ரூபாய். (20 வருடம் தாண்டி 58-ல் ஓய்வு பெறுவோருக்கு 2 வருடம் கூடுதல் என்பதால் 30.) ஆணையில் நாலாயிரத்துச் சொச்சம் இருப்பதைப் பார்த்ததும் அதிர்ச்சி. ஆனால் அது பிழையில்லை. கடைசி 60 மாதச் சராசரி 15,000-ஐத் தாண்டினாலும், 31.8.2014 வரையிலான சர்வீஸுக்கு உச்சவரம்பு 6,500தான். அந்த 18 வருடத்துக்கு 6,500 × 18 ÷ 70, அதாவது 1,671. பிந்தைய 10 வருடத்துக்கு 15,000 × 10 ÷ 70, அதாவது 2,143. மொத்தம் 3,814. கூடுதல் 2 வருடம் எந்தப் பகுதியில் ஏறினாலும் 4,000-க்கும் 4,243-க்கும் நடுவில் நிற்கும். வருடங்களை முழுதாக்கிப் போட்டதால் சில ரூபாய் முன்பின் இருக்கலாம். 4,000-க்கு நன்றாகக் கீழே போனால்தான் தோண்டவேண்டும்.

தோண்டவேண்டிய இடம் என்.சி.பி. நாட்கள். சம்பளமில்லாமல் போன நாட்களை மில் அப்படிக் காட்டியிருக்கும், பென்ஷன் சர்வீஸில் அவை கழியும். 300 நாள் கழிந்தால் இவருடைய 28 வருடம் 27 ஆகும். 2014-க்கு முந்தைய நாட்கள் என்றால் மாதம் சுமார் 93 ரூபாய் போகும், பிந்தையவை என்றால் 214. அதே நாட்களைக் காட்டி மில் கிராஜுவிட்டியில் வருடத்தை வெட்டினால் ஏற்காதீர்கள். அந்த வருடத்தில் 240 நாள் வேலை இருந்தால் அது முழு வருடம். பென்ஷனுக்கு மட்டும் பழைய சம்பளச் சீட்டுகளோடு என்.சி.பி. எண்ணிக்கையை ஒப்பிட்டு, சம்பளம் வாங்கிய நாள் அதில் விழுந்திருந்தால், திருத்தச் சொல்லி முதலில் மில்லிடமே எழுதிக் கொடுங்கள். மில் திருத்தி அனுப்பாமல் பி.எஃப். அலுவலகம் தானாக மாற்றாது.