நூறு மூட்டை, ஐந்து கடை

தட்டுப்பாடு என்ற பேச்சு கிளம்பிய அன்றே ஆர்டர்கள் ஊதிப்போகும். பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்த கடைக்காரர் இரண்டு மடங்கு கேட்பார். கேட்ட விகிதத்தில் பிரித்துக் கொடுக்கும் மொத்த வியாபாரி, பொய்க்குப் பரிசு கொடுக்கிறார்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து மாட்டுத்தீவனம் எல்லை தாண்டிப் போவதை எடுத்துக்கொள்வோம். வாரம் 150 மூட்டை வர வேண்டிய இடத்தில் 100தான் வந்திருக்கிறது. வழக்கமாக மீனாட்சிபுரம் கடை 60, கொழிஞ்சாம்பாறை 40, வேலந்தாவளம் 30, நட்டுக்கல் 15, ஒழலப்பதி 5 எடுக்கும். இந்த வாரம் முதல் கடை 100 கேட்கிறது, இரண்டாவது 60. மற்றவர்கள் வழக்கம்போலவே. கேட்டபடி பங்கிட்டால் மீனாட்சிபுரத்துக்கு 48 போகும்; உண்மையைச் சொன்ன வேலந்தாவளத்துக்கு 14தான்.

அதனால் ஆர்டரை அளவுகோலாக வைக்கக் கூடாது. தட்டுப்பாட்டுக்கு முந்தைய பன்னிரண்டு வாரம் உண்மையில் எடுத்த மூட்டைகளின் சராசரிதான் அடிப்படை. தட்டுப்பாட்டு வாரங்களை அதில் சேர்த்தால், குறைத்துக் கொடுத்ததே அந்தக் கடையின் 'வழக்கம்' ஆகிவிடும்.

முதலில் ஆளுக்கு 5 மூட்டை. தீவனத்தைத் திடீரென மாற்றினால் பால் குறையும். பழையதோடு கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்ற வேண்டும். சின்னக் கடையில் சரக்கே இல்லாமல் போனால் அந்த அவகாசம் கிடைக்காது. இதில் 25 போய்விடும். மீதி 75. கடைகளின் மீதி வழக்கமான தேவை 55, 35, 25, 10, 0, கூட்டினால் 125. ஆக மூட்டைக்கு 0.6 பங்கு: 33, 21, 15, 6, 0. முடிவில் 38, 26, 20, 11, 5. கூட்டிப் பாருங்கள், சரியாக நூறு.

கேட்டதற்கு மேல் யாருக்கும் தரக் கூடாது. வேலந்தாவளம் 10 போதும் என்றால், மிச்சமான 10 மூட்டை முதலில் போன் செய்தவருக்குப் போகக் கூடாது. மற்ற நாலு கடைக்கும் 90 மூட்டையை வைத்து மறுபடி கணக்குப் போட வேண்டும். மீனாட்சிபுரத்துக்கு 43½, கொழிஞ்சாம்பாறைக்கு 29½ என வரும். அரை மூட்டையை யாரும் விற்க முடியாதே! இந்த வாரம் ஒருவருக்கு முழு மூட்டை, அடுத்த வாரம் மற்றவருக்கு. நோட்டில் குறித்து வைத்தால் தகராறு வராது.

புதுக் கடைக்கு எடுப்புக் கணக்கு இருக்காது. அந்த 5 மூட்டையோடு நிறுத்துவதுதான் முறை. கறாராகத் தோன்றினாலும், அதற்கு மேல் கொடுப்பது பழைய கடைகளின் பங்கிலிருந்துதான் வர வேண்டும். முன்பணம் கட்டியவருக்கும் பங்கு அதிகமாகாது. மறுநாள் மதியத்துக்குள் எடுக்காத மூட்டை பொதுக் கணக்கில் திரும்பிச் சேரும். கணக்குச் சீட்டைக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அனுப்பினால், சீட்டை யாரும் படிப்பதில்லை, வண்டியைத்தான் எண்ணுகிறார்கள்.